ஜூன் 16 திங்கள் முதல் தண்ணீர் நேரம் மாறுகிறது. வீட்டுக்கு ஒரு பதில் மட்டும், சனி இரவு 8 மணிக்குள்

அனைவருக்கும் வணக்கம். நீளமான செய்திதான், ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள். ஐந்து தெரு, 82 வீட்டுக்கும் பொருந்தும்.

புதிய நேரம்:

1, 2, 3-வது தெரு: காலை 5.45 முதல் 6.55 வரை
4, 5-வது தெரு: காலை 7.00 முதல் 8.10 வரை
மாலை 5.00 முதல் 5.30 வரை: திங்கள், புதன், வெள்ளி 1, 2, 3-வது தெரு. செவ்வாய், வியாழன், சனி 4, 5-வது தெரு. ஞாயிறு மாலை கிடையாது.

இதுவரை காலை 6.00 முதல் 7.30 வரை ஐந்து தெருவுக்கும் ஒன்றாகத் திறந்தார்கள். திங்களிலிருந்து அது இல்லை.

ஏன் என்றால், 5-வது தெருக் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. போன வாரம் 20 லிட்டர் வாளி வைத்துப் பார்த்தோம். டேங்குக்குப் பக்கத்தில் 1-வது தெரு முதல் வீட்டில் 50 விநாடியில் வாளி நிறைந்தது. 5-வது தெருக் கடைசி வீட்டில் அதே வாளிக்கு நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் அங்கே 300 லிட்டர் வராது. மறுநாள் பிள்ளையார் கோவில் முனை வால்வை மூடி, 4, 5-வது தெருவுக்கு மட்டும் விடச் சொல்லி மறுபடி பார்த்தோம். அதே கடைசி வீட்டில் 1 நிமிடம் 40 விநாடியில் வாளி நிறைந்தது. அந்தக் கணக்கில் 70 நிமிடத்துக்கு 840 லிட்டர். பைப்பில் கோளாறு இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பிடிப்பதுதான் கோளாறு என்று அன்றைக்கு உறுதியாகிவிட்டது.

"ஆற்றில்தான் தண்ணீர் வருகிறதே, இன்னும் ஏன் தட்டுப்பாடு?" என்று சிலர் கேட்டீர்கள். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் வழியாக வயலுக்குப் போகிறது. நம் குடிநீர் கொள்ளிடத்து மணலில் போட்ட கிணற்றிலிருந்து வருவது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடுவது மேலே மிச்சம் இருந்து திறந்துவிடும்போதுதான். அதனால் காவிரி நிறைந்து ஓடினாலும் அந்தக் கிணறுகளில் மட்டம் உடனே ஏறாது. முன்பு விடியற்காலை 3 மணிக்கே நிறைந்த நம் டேங்க் இப்போது நிறைய 5 மணி ஆகிறது.

டேங்க் 60,000 லிட்டர். 82 வீட்டுக்குப் பங்கு போட்டால் வீட்டுக்கு 730 லிட்டர் வருகிறது. சம்ப் பெரிதாக இருக்கிறது என்று ஒரு வீடு 2000 லிட்டர் பிடித்தால், அன்றைக்கு இரண்டு வீட்டுப் பங்கு போய்விடுகிறது. ஆகவே காலையில் 700 லிட்டருக்கு மேல் பிடிக்க வேண்டாம். மாலைத் தண்ணீர் சம்ப் இல்லாமல் குடத்தில் பிடிக்கும் வீடுகளுக்கு. சம்ப் உள்ளவர்கள் அந்த அரை மணி நேரம் குழாயைத் திறக்காமல் இருந்தால் பெரிய உதவி.

முதல் வாரம் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். வால்வைச் சட்டென்று மூடினால் அடி வாங்கிப் பழைய பைப் இணைப்பு விட்டுவிடும். மெதுவாகத்தான் திருக வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் விட்டிருப்பது அதற்குத்தான். வால்வு திறப்பவரிடம் தெருவில் நின்று சண்டை போட வேண்டாம். நேரத்தை முடிவு செய்தது நாம், அவர் இல்லை. குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

இனி கவனிக்க வேண்டியவை.

மெயின் பைப்பில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்கு வராமல் போவது பாதிக் கெடுதல்தான். மோட்டார் இழுக்கும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகும். எங்கேயாவது இணைப்பு கசிந்தால் அந்த வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே ஏறும். அதைக் குடிப்பது நம் தெருப் பிள்ளைகள். தண்ணீர் சம்ப்புக்குத் தானாக இறங்கட்டும். சப்ளை நின்ற பிறகு சம்ப்பிலிருந்து மாடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

வாசலில் குழி தோண்டிக் குழாயை இறக்கி வைத்திருக்கும் வீடுகளிலும் இதே ஆபத்து உண்டு. 2-வது தெருவில் ஒரு குழியைப் பார்த்தேன். பாதி அளவு பச்சைப் படிந்த தண்ணீர், அதற்குள் ஹோஸ் முனை மூழ்கிக் கிடக்கிறது. சப்ளை நிற்கும் நொடியில் பைப் அந்தத் தண்ணீரைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். குழியை உடனே மூட முடியாவிட்டாலும் தினமும் இறைத்துவிடுங்கள். பிடித்து முடித்ததும் ஹோஸைக் கழற்றி மேலே மாட்டுங்கள், குழாயை மூடுங்கள்.

குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். 5.45-க்கு வந்து வாசலெல்லாம் ஓடிவிடும். சம்ப்பில் மிதவை வால்வு வேலை செய்கிறதா என்று ஞாயிறே கையால் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் தண்ணீர் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வாஷர் போயிருக்கும்.

நேரம் மாறிய முதல் இரண்டு மூன்று நாள் கலங்கலாக வரலாம். ஓட்டம் வேகமாகும்போது பைப்பில் படிந்த வண்டல் கிளம்பும். முதல் ஒரு வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு பிடியுங்கள். மூன்று நாளுக்கு மேலும் கலங்கினால், அல்லது ஒரு நாள் வாடை அடித்தாலும், குடிக்காமல் உடனே தெரிவியுங்கள்.

ஜூன் 22 ஞாயிறு டேங்க் கழுவுகிறார்கள். அன்று காலை தண்ணீர் வராது. அதற்குப் பதில் அன்று மட்டும் மாலை 4.00 முதல் 5.00 வரை 1, 2, 3-வது தெரு, 5.05 முதல் 6.05 வரை 4, 5-வது தெரு. சனிக்கிழமையே ஒரு நாளுக்குச் சேர்த்துப் பிடித்து வையுங்கள். அன்று பிளீச்சிங் வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அகலப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் குறையும்.

இப்போது பதில். ஒரு அடுப்புக்கு ஒரு பதில். கணவன் ஒன்று, மனைவி ஒன்று, வெளியூர் மகன் ஒன்று என்று மூன்று வந்தால் ஒரு வீடு மூன்றாகிக் கணக்கு குழம்பிவிடும். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் தனிச் சமையல் என்றால் தனியாகப் போடலாம். கீழ்க்கண்டபடி ஒரே வரியில் அனுப்புங்கள்: தெரு / வீட்டு எண், ஆட்கள், சம்ப் அளவு அல்லது குடம், நேரம் சரியா.

சம்ப் உள்ள வீடு: 3/17, 4 பேர், சம்ப் 1000, சரி
சம்ப் இல்லாத வீடு: 5/8, 2 பேர், குடம், 7.30-க்கு வேலைக்குக் கிளம்புகிறோம்

சம்ப் கொள்ளளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், ஆழத்தை அடியில் அளந்து மூன்றையும் பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்குங்கள், லிட்டர் கிடைக்கும். 4 அடி, 3 அடி, 3 அடி என்றால் 36 கன அடி, சுமார் 1000 லிட்டர்.

கட்டைவிரல் படம், கும்பிடும் படம் மட்டும் போட்டால் எந்த வீடு என்று எனக்குத் தெரியாது, தயவுசெய்து எழுதுங்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் அதையும் அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிடுங்கள். 7.00-க்குள் கிளம்பும் வீடு 4, 5-வது தெருவில் எத்தனை என்று தெரிந்தால்தான் இரண்டு பிரிவையும் முன்பின் மாற்றலாமா என்று பேச முடியும். பதில் வராத வீட்டுக்கு நேரம் சரி என்றே எடுத்துக்கொள்வேன்.

இந்தக் குழுவில் இல்லாத வீடுகள் ஏழு இருக்கின்றன. 4-வது தெருவில் தனியாக இருக்கும் இரண்டு பாட்டிமார்களும் அதில் அடக்கம். பக்கத்து வீட்டார் நேரில் போய்ச் சொல்லி, அவர்களுக்காகவும் ஒரு வரி போடுங்கள். காலையில் அவர்களுக்கு நாலு குடம் தூக்கிக் கொடுக்க யாராவது முன்வந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

சனி (ஜூன் 14) இரவு 8 மணி கடைசி. ஞாயிறு காலை பட்டியலை வால்வு திறப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஜூலை 13 ஞாயிறு மாலை 6 மணிக்குப் பிள்ளையார் கோவில் வாசலில் கூடி, தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்வோம். அதற்கு முன் தண்ணீர் வரும் நேரத்தில் அதே வாளியை வைத்து மறுபடி அளந்து பார்ப்போம்.

செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்
(1/6, 5 பேர், சம்ப் 1500, சரி. எங்கள் வீட்டுப் பதில் இதுவே.)