பொடி

ஆடி மாதத்தில் பத்தருக்கு வேலை கிடையாது. கல்யாணம் இல்லை, தாலிப்பொட்டு செய்யச் சொல்லி யாரும் வர மாட்டார்கள். குமுட்டி நாலு நாள் ஆறியே கிடக்கும். அப்படி ஓர் ஆடியில்தான் மாமா உரைகல்லை என் கையில் கொடுத்தார். அதுவரை எட்டு மாதமாக நான் செய்ததெல்லாம் ஊதுகுழல் ஊதியதும் பட்டறையைப் பெருக்கியதும்தான். பெருக்கிய குப்பையை வெளியே கொட்டக் கூடாது, டின்னில் சேர்த்து வைக்க வேண்டும். அதை விலைக்கு வாங்கிப்போக ஆள் வரும். பத்தாவதில் கணக்கில் போனவனுக்கு, குப்பைக்கும் விலை உண்டு என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒடுகத்தூரிலிருந்து மலையடிவாரம் போகிற வழியில் எங்கள் ஊர். ஒரே தெரு, அதில் ஒரே பட்டறை. கல் மாமாவின் அப்பா வைத்திருந்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது, கரேலென்று நடுவில் லேசாகத் தேய்ந்திருக்கும். துளி எண்ணெய் தொட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தால் மழையில் நனைந்த எருமை முதுகு மாதிரி ஆகிவிடும்.

"வேலூர்ல மிஷின் வெச்சிருக்காங்க மாமா. நகைய உள்ள வெச்சா ஒரு நிமிஷத்துல நம்பர் வந்துடுது."

"வரட்டும். அது மேல்தோலத்தான பாக்குது? ஸ்ரீபுரத்துல செம்பு மேல தங்கம் போத்தி வெச்சிருக்காங்க, அது கோயிலு. அதையே ஒருத்தன் வளையல்ல செஞ்சா அதுக்குப் பேரு வேற. மொதல்ல அரத்தால ஒரு இழை இழு, அப்புறம் கல்லுல தேய்."

திண்ணையில்தான் பாடம். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நேராக விழாத வடக்குப் பக்கம். உள்ளே குண்டு பல்பு வெளிச்சத்தில் கல்லைத் தொட விடமாட்டார். "அந்த வெளிச்சத்துல பித்தளைகூட மாப்பிள்ளை மாதிரி நிக்கும்டா."

மச்சங்கள் ஒரு நூலில் கோத்திருந்தன. பித்தளைக் குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் அளவு தெரிந்த தங்கம்: 22, 21, 20, 18. நகையைத் தேய்த்து ஒரு கோடு போட வேண்டும். பக்கத்திலேயே, அதே நீளம் அதே அழுத்தம், மச்சத்தால் ஒரு கோடு. கேட்கச் சுலபம். முதல் வாரம் நான் போட்டதெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருந்தது. அழுத்தித் தேய்த்த கோடு ஒரு நிறம் காட்டியது, மெல்லத் தேய்த்த கோடு இன்னொன்று. இரண்டும் ஒரே மோதிரம்.

செம்பு கலந்தது சிவந்து நிற்கும். வெள்ளி கலந்தது வாழைக்குருத்து போல வெளிறிப் பச்சை ஓடும். இரண்டையும் கலந்து வைத்தவன்தான் கெட்டிக்காரன், நிறம் கிட்டத்தட்ட நேராக வந்துவிடும். அங்கேதான் திராவகம். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு வைத்தால் மட்டமான கோடு பொங்கிப் பச்சையாகிக் கரைந்துவிடும். 22 அசையாமல் உட்கார்ந்திருக்கும். மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம் லேசாகத் தலையாட்டுவார், தெரிந்த பெரியவரைக் கண்ட மாதிரி.

ஆடி பதினெட்டு கழிந்து இரண்டு நாள் இருக்கும், ஓர் அம்மா வந்தார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் பழைய பொட்டு. கையில் கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் தாலிச் செயின்.

"பத்தரே, பொண்ணுக்குக் காலேஜு ஃபீஸு கட்டணும். சொசைட்டில வெக்கப் போறேன். அங்க இன்னா சொல்லுவாங்களோ, நீ ஒருவாட்டி பாத்துச் சொல்லு."

மாமா செயினை நிறுத்தார். சரியாக 24 கிராம். அப்புறம் அதை என் பக்கம் நீட்டினார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கொக்கியைப் பிடித்துத் தேய்த்தேன், மச்சம் மச்சமாகப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

"18 மாமா."

அந்த அம்மாவின் கை கயிற்றுக்குப் போனது.

"எங்க தேச்ச?"

"கொக்கிகிட்ட."

"கொக்கிகிட்ட இன்னா இருக்கும்?"

பொடி இருக்கும். பற்ற வைக்கிற பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காக அதில் மாற்று குறைத்துத்தான் போடுவார்கள். ஒட்டு இருக்கிற இடத்தில் தேய்த்தால் நகையைப் பார்க்கவில்லை, பொடியைத்தான் பார்க்கிறோம். எனக்குத் தெரிந்ததுதான். பயத்தில் மறந்துவிட்டது.

நடுவில் ஒரு கண்ணியைத் தேர்ந்து அரத்தால் ஓர் இழை இழுத்துத் தேய்த்தேன். இந்த முறை கோடு நன்றாக விழுந்தது. 22 பக்கத்தில் வைத்தபோது கொஞ்சம் களை இழந்து தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா செயினை வாங்கி, கொக்கியைத் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். உள்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி குத்தியிருந்தது. அந்த இரண்டு புள்ளியைப் பட்டறையில் பழைய அச்சுகளின் மேலும் பார்த்திருக்கிறேன்.

"உங்கப்பா செஞ்சதுதான் பத்தரே," என்றார்கள் அந்த அம்மா. "என் கல்யாணத்துக்கு. 22ன்னு சொல்லித்தான் குடுத்தாரு."

மாமா கல்லைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அவரே ஒரு கோடு இழுத்தார், பக்கத்தில் 21, அதற்குப் பக்கத்தில் 20. வெகுநேரம் பார்த்தார்.

"20ரை வரும்மா."

"பொடி வெச்சிப் பேசாத பத்தரே. கொறையுதுன்னா கொறையுதுன்னு சொல்லு."

"கொறையுது," என்றார். "அன்னிக்கு உருக்கறதுக்குப் பழைய நகை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அந்த அம்மா யோசித்தார்கள். மாமியார் கம்மல் ஒன்று கொடுத்த மாதிரி ஞாபகம், நிச்சயமாகத் தெரியவில்லை என்றார்கள். கைக்குட்டையில் செயினைத் திரும்ப முடிந்துகொண்டு, காசு எவ்வளவு என்று கேட்டார்கள். மாமா வேண்டாம் என்று கையை ஆட்டினார். பஸ்ஸுக்கு இன்னும் கால்மணி இருந்தது, அவர்கள் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள்.

நான் மெழுகு உருண்டையை எடுத்தேன். கோடு போட்டு முடித்ததும் மெழுகால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். வருஷக் கடைசியில் அந்த மெழுகை எரித்தால் அடியில் பொன் நிற்கும். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்மல் கலந்ததாலதான மாமா கொறஞ்சிச்சு?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அந்தச் செயினுக்கு ஊதினது நானாக்கூட இருக்கும்," என்றார். அப்புறம் கல்லை என் மடியில் வைத்தார். "நீ பாரு. நல்லாப் பாரு. 20ஆ, 20ரையா?"

வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அவருடைய கோடும் 20 மச்சத்தின் கோடும் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை, ஒரே ஆள் மாதிரி இருந்தன. 24 கிராமில் அரை காரட் என்றால் அரை கிராம் பொன். கணக்கில் ஃபெயிலானவனுக்கும் அது தெரிந்தது.

சொல்லலாமா என்று நினைத்தேன். மாமா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"20 மாமா."

மெழுகு உருண்டையை அவரே வாங்கிக் கோடுகளின் மேல் அழுத்தி எடுத்தார். கல் மறுபடி வெறுங்கறுப்பாக இருந்தது.

"சைக்கிள எடுத்துகினு ஓடு. பஸ் வர்றதுக்குள்ள அந்தம்மாவப் புடி. சொசைட்டில போய் 20ரைன்னு சொல்லி நிக்கப் போறாங்க. 20தான்னு சொல்லிட்டு வா."

நான் செருப்பைத் தேடினேன்.

"நான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லு," என்றார்.