அக்டோபர் 1 மருத்துவ முகாமும் உறுப்பினர் கூட்டமும்: அறிவிப்பு

மூத்த குடிமக்கள் சங்கம்
10 செப்டம்பர் 2026

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். 1990-இல் ஐக்கிய நாடுகள் சபை இதை அறிவித்தது. இந்த ஆண்டு அது வியாழக்கிழமை வருகிறது. அன்று நம் சங்கக் கூடத்தில் இலவச மருத்துவ முகாம் நடக்கும். அதன் பிறகு உறுப்பினர் கூட்டம்.

முகாம்: காலை 7 முதல் 10 வரை
கூட்டம்: காலை 10.30 முதல் 12 வரை
இடம்: சங்கக் கூடம், தரைத்தளம். படி ஏற வேண்டாம். சக்கர நாற்காலி உள்ளே வரும்.

வருபவர்கள் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு

போன முறை அறிவிப்பு வாட்ஸ்அப்பில் மட்டும் போனது. பலருக்குத் தெரியாமலே கூட்டம் முடிந்துவிட்டது. இனி அப்படி நடக்கக் கூடாது. இணையம் இல்லாதவரும் நம் முழு உறுப்பினர்தான். எனவே பெயர் கொடுக்க ஒரு போன் போதும்.

தொலைபேசி: 5550 0142
நேரம்: காலை 9 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை (ஞாயிறு விடுமுறை)

பெயரையும் உறுப்பினர் எண்ணையும் சொல்லுங்கள். எண் நினைவில்லையா? பரவாயில்லை, பெயர் போதும். லைன் கிடைக்கவில்லை என்றால் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுங்கள். அன்றைக்கே நாங்கள் திருப்பி அழைப்போம். காது சரியாகக் கேட்காதவர்களுக்காக வீட்டில் யாராவது பேசலாம். நேரில் வந்து சொன்னாலும் சரி. தனியாக வர முடியாதவர்கள் போனிலேயே சொல்லிவிடுங்கள். வண்டி அனுப்புகிறோம்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வாட்ஸ்அப் இல்லாத எல்லாரையும் நாங்களே அழைத்து நினைவூட்டுவோம். அந்த அழைப்பும் இதே எண்ணிலிருந்துதான் வரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சங்கத்திலிருந்து யாரும் உங்கள் வங்கிக் கணக்கு எண், ஓடிபி, கார்டு எண் எதையும் கேட்க மாட்டார்கள். பணமும் கேட்க மாட்டார்கள். சங்கத்தின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் பதில் பேசாமல் போனை வைத்துவிடுங்கள். அப்புறம் 5550 0142-க்கு அழைத்து எங்களிடம் சொல்லுங்கள். மரியாதைக்காக லைனில் காத்திருக்க வேண்டாம். பேச்சை நீட்டுவதுதான் ஏமாற்றுபவர்களின் வழி.

முகாமுக்கு வரும்போது

ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, கண் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

சர்க்கரை வெறும் வயிற்றில் பார்க்கப்படும். முந்தைய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரமாவது எதுவும் சாப்பிட வேண்டாம். காபி, டீ வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். அன்று காலை மருந்தை எப்படி எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். உங்களை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறோம், எனவே 7 மணிக்கே வந்துவிடுங்கள். கை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். வரிசை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் எடுத்ததும் அங்கேயே காலை உணவு உண்டு.

ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். நடந்து வந்த உடனே பார்த்தால் அளவு கூடக் காட்டும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்காருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வருவது நல்லது. அளக்கும்போது பேச வேண்டாம். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். கடையில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, தூக்க மாத்திரையும் அதில் இருக்கட்டும். பழைய பரிசோதனைத் தாள்கள், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றையும் மறக்காதீர்கள்.

கூட்டத்தில்

வீட்டுக்குள் விழாமல் இருப்பது பற்றி முகாம் மருத்துவர் பேசுவார். குளியலறைக் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத செருப்பு, தலைசுற்றல் தரும் மாத்திரைகள் பற்றியெல்லாம் கேள்வி கேட்கலாம். அப்புறம் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் வாட்ஸ்அப் இல்லாத உறுப்பினர் இருந்தால் இந்தத் தாளை அவரிடம் கொடுங்கள். கண் சரியாகத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள்கள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்
மூத்த குடிமக்கள் சங்கம்
தொலைபேசி: 5550 0142