இரவு ஷிஃப்டில் எத்தனை செவிலியர்? பாலக்காடு எல்லைப் பகுதி மருத்துவமனைகளுக்கான கொள்கைக் குறிப்பு

பாடம்: சுகாதாரக் கொள்கை, பொது சுகாதார முதுநிலைப் படிப்பு
யாருக்கு: கேரள அரசின் சுகாதாரத் துறைச் செயலர்

பரிந்துரை

ஒவ்வொரு ஷிஃப்டிலும் வார்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்சச் செவிலியர் எண்ணிக்கையை அரசு நிர்ணயிக்க வேண்டும். பொது வார்டில் பகலில் 6 நோயாளிக்கு ஒருவர், இரவில் 8 நோயாளிக்கு ஒருவர் என்று தொடங்கலாம். 2018ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் குறைந்தபட்சத் தரங்களில் இதைச் சேர்த்து, அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் ஒரே அளவாக வைக்க வேண்டும்.

கணக்கு எங்கே உதைக்கிறது

இந்தியச் செவிலியர் கவுன்சில் பொது வார்டுக்கு 1:5 என்றும், போதனா மருத்துவமனைக்கு 1:3 என்றும் சொல்கிறது. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1:6 என்றது. விகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவை பணியிடம் ஒதுக்கும்போது பார்க்கிற வழிகாட்டல்கள்; இரவு 2 மணிக்கு வார்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று இவற்றை வைத்து யாரும் கேட்பதில்லை.

30 படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1:6 என்பதைப் படுக்கைக் கணக்காகப் படித்தால் 5 பணியிடம். 5 பேரும் வாரம் 6 நாள் வேலை செய்தால் மொத்தம் 30 ட்யூட்டி. வாரத்துக்கு 21 ஷிஃப்ட் என்பதால், விடுப்பே எடுக்காவிட்டாலும், பல ஷிஃப்டுகளில் 30 நோயாளிக்கு ஒரே ஒருவர்தான். அதே வார்டுக்கு நாங்கள் சொல்லும் அளவில் காலை 5, மாலை 5, இரவு 4 பேர் வேண்டும். வாரத்துக்கு 98 ட்யூட்டி. விடுப்புக்கு 30 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 22 பணியிடம். காகிதத்தில் இரண்டும் 'ஆறுக்கு ஒன்று' போலத்தான் தெரியும்.

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் இதற்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே நோயாளிகளில் பலர் தமிழ் பேசுபவர்கள். ட்யூட்டியில் மூன்று பேர் இருந்தால் ஒருவருக்காவது தமிழ் நன்றாக வரும். ஒருவர் மட்டும் என்றால் அது அதிர்ஷ்டம். அப்புறம் மீதி வேலை நோயாளிக்குத் துணையாக வந்திருக்கும் பைஸ்டாண்டர் தலையில்: டிரிப் தீர்ந்ததைக் கவனிப்பது, மூச்சு வாங்குகிறது என்று ஓடிப்போய்ச் சொல்வது. ஆள் குறைவைச் சொந்தக்காரர்கள் நிரப்புவதால்தான் அது பதிவேட்டில் தெரிவதே இல்லை.

சான்று

பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து 2002இல் வந்த ஆய்வில், ஒரு செவிலியர் கூடுதலாகக் கவனிக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது. 9 ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்விலும் அதே 7 சதவீதம். இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, சட்டம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. அதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைப் பார்க்க வேண்டும். 2016இல் அங்கே பகலுக்கு 1:4, இரவுக்கு 1:7 என்று கட்டாயமாக்கினார்கள். விகிதம் வந்த 27 மருத்துவமனைகளை வராத 28உடன் ஒப்பிட்டதில், முதல் தொகுதியின் முடிவுகளே மேலாக இருந்தன. மறு அனுமதியும் தங்கும் நாட்களும் குறைந்ததால் மிச்சமான பணம், கூடுதல் ஆட்களுக்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கலிஃபோர்னியாவில் 2004 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்களை அப்படியே இங்கே இறக்க முடியாது, திசையை எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்வாதங்கள்

சிறிய தனியார் மருத்துவமனைகள் 'மூட வேண்டியதுதான்' என்பார்கள். 50 படுக்கைக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கவலை உண்மையானது; அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரலாம், விலக்கு தரக்கூடாது. 'ஆள் கிடைக்கவில்லை' என்ற வாதம் அவ்வளவு நிற்காது. வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் செவிலியர்களை அனுப்பும் மாநிலம் இது. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவின்படி அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதச் சம்பளம் குறைந்தது 20,000 ரூபாய் என்றது. சம்பளத்தைச் சரியாகத் தராமல் விகிதத்தை மட்டும் கேட்டால் பதிவேட்டில்தான் ஆள் கூடும்.

நடைமுறை

முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை, இரவு ஷிஃப்ட். பயிற்சி மாணவிகளையும் நிர்வாக வேலை பார்க்கும் தலைமைச் செவிலியரையும் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. ஏமாற்று பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். வார்டு வாசலில் ஒரு பலகை வைத்து, நோயாளி எத்தனை, செவிலியர் எத்தனை என்று ஷிஃப்டுக்கு ஒருமுறை மலையாளத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். மாவட்டப் பதிவு அதிகாரி மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் இரவில் வந்து, பலகையை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். குறைவு தொடர்ந்தால், ஆள் வரும்வரை அந்த வார்டில் புதிய அனுமதியை நிறுத்தலாம். அபராதத்தைவிட இதற்குத்தான் நிர்வாகம் அசையும்.