மாவு கருப்பாக வரும் கிரைண்டர் பற்றிய தங்கள் புகாருக்குப் பதில்

கோயம்புத்தூர்
ஜூலை 8, 2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 6 அன்று தாங்கள் எழுதிய கடிதத்தையும் அதனுடன் அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். தங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. வாங்கி ஐந்து மாதமே ஆன கிரைண்டரில் அரைத்த மாவை இரண்டு முறை கீழே கொட்டியதோடு, வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்த நாளில் கடையில் மாவு வாங்க வேண்டிய நிலையும் தங்களுக்கு ஏற்பட்டதற்கு எங்கள் நிறுவனத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பதிவேட்டைப் பார்த்தபோது தவறு எங்கே நடந்தது என்பது தெரிந்தது. "மாவு கருப்பாக வருகிறது" என்று தாங்கள் தொலைபேசியில் சொன்னதை எங்கள் பணியாளர் "பெல்ட் சத்தம்" என்று பதிந்திருக்கிறார். அதனால்தான் ஜூன் 14, 26 ஆகிய இரு நாட்களிலும் வந்த மெக்கானிக் பெல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். கல்லை நன்றாகக் கழுவும்படி தங்களிடம் சொன்னதும் பொருத்தமற்ற பதில். புதுக் கல்லில் முதல் சில அரைப்புகளில் கல்தூள் வருவது உண்டு. ஐந்து மாதத்துக்குப் பிறகு அது காரணமாக இருக்க வழியில்லை.

தங்கள் இரண்டாவது படத்தில், டிரம்மின் அடியில் நடுத்தண்டைச் சுற்றிக் கரும்பசை வளையமாகப் படிந்திருப்பது தெரிகிறது. அங்குள்ள ஆயில் சீல் தேய்ந்து, பேரிங்கின் கிரீஸ் மாவில் கலக்கிறது என்றே கருதுகிறேன். உணவில் கலக்கும் பொருள் என்பதால் இதைப் பழுது பார்த்துத் தருவதோடு நிறுத்திக்கொள்வது சரியாகாது.

ஆகவே வரும் வியாழக்கிழமை, ஜூலை 11 அன்று காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், எங்கள் மூத்த மெக்கானிக் அதே மாடலில் புதிய கிரைண்டருடன் தங்கள் வீட்டுக்கு வருவார். ஒரு படி அரிசியை ஊறவைத்திருந்தால், தங்கள் முன்னிலையிலேயே அரைத்து, மாவின் நிறத்தைத் தாங்கள் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே பழையதை எடுத்துச் செல்வார். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. உத்தரவாதக் காலமும் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

மாற்று இயந்திரம் வேண்டாம், பணமே போதும் என்று தாங்கள் முடிவு செய்தால் அதையும் மறுக்க மாட்டோம். ரசீதில் உள்ள 6,800 ரூபாயும், பழைய இயந்திரத்தை எடுத்துச் சென்ற ஏழு வேலை நாட்களுக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். இரண்டில் எது வேண்டும் என்பதையும், வியாழக்கிழமை நேரம் வசதிப்படுமா என்பதையும் புதன்கிழமை மாலைக்குள் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதினால் போதும். அது நேரடியாக என்னிடம் வரும்.

அதுவரை அந்தக் கிரைண்டரில் எதையும் அரைக்க வேண்டாம். டிரம்மின் அடியில் உள்ள கறையைத் துடைக்காமல் அப்படியே விட்டுவைத்தால், கோளாறு எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் தொழிற்கூடத்தில் உறுதி செய்ய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு