வீட்டில் 130, என் அறையில் 160: எந்த பிரஷரை நம்புவது?

டாக்டர், வணக்கம். நேற்று ரவுண்ட்ஸுக்கு நடுவே நீங்கள் பேசியதைக் கேட்டு எழுதியது கீழே இருக்கிறது. நீங்கள் சலித்துக்கொண்ட இடங்களில் கட்டுரையும் சலித்துக்கொள்ளும், அதை நான் மெருகேற்றவில்லை. நோட்டில் எழுதி வந்தவரின் வயது, வேலை இரண்டையும் எடுத்துவிட்டேன். தெரிந்தவர்கள் படித்தால் ஆள் பிடிபட்டுவிடுவார். மணிக்கட்டு மெஷினை நீங்கள் சொன்ன வார்த்தையில் திட்டவில்லை, வேண்டுமென்றால் திருப்பிச் சேர்த்துவிடலாம். வலி மாத்திரை பற்றிப் பேசும்போது பின்னால் யாரோ கூப்பிட்டதில் ஒலி தெளிவாக இல்லை. அந்தப் பத்தியை மட்டும் ஒரு தரம் படித்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், போதும்.

---

"வீட்ல பார்த்தா 130தான் டாக்டர் இருக்கு. உங்ககிட்ட வந்தா மட்டும் 160 காட்டுது."

இதைச் சொல்லும்போது சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மாத்திரை எழுதுவதற்காகவே நான் மெஷினில் ஏதோ வேலை செய்துவிட்டேன் என்பது போல. நான் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் மெஷினும் பொய் சொல்லவில்லை. இரண்டுமே சரியாக இருக்கலாம், சரிங்களா?

பிரஷர் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்காது. படி ஏறினால் கூடும், தூங்கினால் குறையும், கோபத்தில் ஏறும். என் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் ஏறும், அதற்கு நானே பொறுப்பு. டாக்டரைக் கண்டால் மட்டும் பிரஷர் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் ஒரு வாரம் ஒழுங்காகப் பார்த்தால் அவர்களுக்கு நார்மலாக இருக்கும். இவர்களில் பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனாலும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னாளில் நிஜமாகவே பிரஷர் வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

எனக்குக் கவலை இதற்கு நேர்மாறானவர்கள் மேல்தான். என் முன்னால் 128. வீட்டிலும் வேலை இடத்திலும் 150. இவர்களை நான் 'நார்மல்' என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இதயமும் சிறுநீரகமும் என் அறைக்குள் இருக்கிற பத்து நிமிடத்தை மட்டும் கணக்கில் வைப்பதில்லையே. அதனால்தான் வீட்டில் பாருங்கள் என்கிறேன்.

ஆனால் எப்படிப் பார்க்கிறீர்கள்? என் சண்டை அங்கேதான்.

ஒருவர் நோட்டோடு வந்தார். 128, 126, 130, 127. இரண்டு வாரத்துக்கும் அப்படியே. இவ்வளவு அழகாக யாருக்கும் வராது. "எப்படிப் பார்க்கறீங்க?" என்று கேட்டேன். "முதல்ல கூடத்தான் வரும் டாக்டர். நல்லா வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்" என்றார். நோட்டில் இருந்தது பிரஷர் இல்லை, அவருடைய பொறுமை. நான் அதை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால்?

வந்த எண்ணை எழுதுங்கள். பிடிக்காத எண்ணையும் எழுதுங்கள். உங்களுக்கு மார்க் போட நான் அதைக் கேட்கவில்லை.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வாருங்கள், அதுவும் பிரஷரை ஏற்றும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் இரண்டும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. கையை மேஜை மேல் வையுங்கள், பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். கை தொங்கினால் எண் கூடும். சட்டைக் கை மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். மெஷின் ஓடும்போது பேசவே கூடாது, "எவ்வளவு காட்டுது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதும் பேச்சுதான். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன்னால், அப்புறம் மாலையில். இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மிச்சத்துக்கு நான் சராசரி எடுப்பேன். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறேன். என் அறையில் அதே கோடு 140/90. அமெரிக்க வழிகாட்டுதல்களில் 130/80 என்று படித்திருப்பீர்கள், அதுவும் தப்பில்லை, கோட்டை அவர்கள் கொஞ்சம் கீழே போட்டிருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறதா, சிறுநீரகம் எப்படி என்பதையெல்லாம் பார்த்துத்தான் உங்களுக்கு எந்த எண் வேண்டும் என்று முடிவு செய்வேன். இந்த வேலையை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

மெஷின் மேல்கையில் சுற்றுகிற வகையாக வாங்குங்கள். மணிக்கட்டு வகையில் கையை வைக்கிற இடம் கொஞ்சம் மாறினாலும் எண் மாறும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். பட்டையின் அளவும் முக்கியம்: பருமனான கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரையும் காட்டும். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு சில மெஷின்கள் தடுமாறும், அவர்கள் வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எண் திடீரென்று ஏறினால் நான் முதலில் கேட்பது, "வேற என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" மூட்டு வலிக்கு ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது போட்டிருப்பார்கள். மூக்கடைப்புக்கு ஒரு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் பிரஷரை ஏற்றக்கூடியவை. "அது சும்மா வலி மாத்திரைதானே" என்பார்கள். சும்மா மாத்திரை என்று எதுவும் இல்லை, தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

எண் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தவும் வேண்டாம். அது நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது, வறட்டு இருமல் விடவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். வந்து சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். நிறைய மருந்துகள் இருக்கின்றன.

180/120ஐத் தாண்டினால்? உடம்பு வேறெதுவும் சொல்லவில்லை என்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், வீட்டில் இருக்கிற மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டு உட்காராதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எனக்கு போன் செய்துகொண்டு நிற்கவும் வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது நோட்டோடு மெஷினையும் கொண்டு வாருங்கள். என் மெஷினையும் உங்களுடையதையும் ஒரே கையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம்.