ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு: கணக்குப் பாடக் குறிப்பு, மாற்றி எழுதியது

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். தங்கள் மகளின் முன்னேற்ற அட்டையில் கணக்குப் பாடத்துக்கு நேரே நான் முதலில் எழுதியிருந்தது இது: "படிப்பில் துளியும் அக்கறை இல்லை. வகுப்பில் எந்நேரமும் பேச்சு. வீட்டுப்பாடம் செய்வதே இல்லை. இப்படியே போனால் பத்தாம் வகுப்பில் தேறுவது சந்தேகம்." அந்த வரிகளை அடித்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். விடைத்தாளையும் வீட்டுப்பாடக் குறிப்பேட்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, நான் எழுதியதில் பாதி உண்மையாக இல்லை என்பதும், உண்மையாக இருந்த பாதியும் அவளுக்கு எந்த வழியையும் காட்டவில்லை என்பதும் புரிந்ததால், அட்டையோடு இந்தத் தாளை இணைத்துள்ளேன்.

முதலில் கவலைக்குரியதைச் சொல்லிவிடுகிறேன். காலாண்டுத் தேர்வில் 41 மதிப்பெண் பெற்றிருந்தவள், அரையாண்டில் 33 பெற்றிருக்கிறாள். தேர்ச்சிக்கு 35 வேண்டும். அக்டோபர் முதல் கொடுத்த 26 வீட்டுப்பாடங்களில் 11 மட்டுமே வந்துள்ளன. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு என்பதால், இந்த இறக்கத்தை இப்போதே தடுத்தாக வேண்டும்.

ஆனால் அவளுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. முக்கோணம் வரைந்து அதன் சுற்றுவட்ட மையத்தைக் காணும் வினாவுக்கு அவள் 8க்கு 8 பெற்றிருக்கிறாள். கவராயத்தின் வில்கள் ஒவ்வொன்றும் மெல்லியதாக, வெட்ட வேண்டிய இடத்தில் சரியாக வெட்டிக்கொள்கின்றன. வரைந்த வட்டம் மூன்று உச்சிகளையும் பிசகாமல் தொட்டுச் செல்கிறது. அக்கறை இல்லாத கை அப்படி வரையாது. நான் எழுதிய முதல் வரியை அடித்ததற்கு அந்த ஒரு படமே போதுமான காரணம்.

மதிப்பெண் போனது இயற்கணிதத்தில்தான். (x − 3)² என்பதை அவள் மூன்று இடங்களில் x² − 9 என்று விரித்திருக்கிறாள். x² − 6x + 9 என்பதே சரி. அதற்குப் பிறகு வரும் படிகளை ஒழுங்காகவே செய்திருந்தாலும், தொடக்கத்தில் நடுவிலுள்ள உறுப்பு விடுபட்டதால் மூன்று விடைகளும் தவறாகிவிட்டன. முற்றொருமைகளை நடத்திய வாரத்தில் அவள் காய்ச்சலால் நான்கு நாள் வரவில்லை என்பதை வருகைப் பதிவேட்டில் கண்டேன். அந்தப் பாடத்தை அவளுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டியவன் நான். அது விடுபட்டதற்கு வருந்துகிறேன். வகுப்பில் பேசுகிறாள் என்பதும் ஓரளவு உண்மையே. எனினும், புரியாததைப் பக்கத்து மாணவியிடம் கேட்பதுதான் அந்தப் பேச்சில் பெரும்பகுதி. அந்தக் கேள்விகள் என்னிடம் வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாள்களிலும் பள்ளி முடிந்த பின் அரை மணி நேரம் அவளை என்னிடம் விட்டு வையுங்கள், முற்றொருமைகளிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் நாளொன்றுக்கு ஐந்து கணக்குகள் போதும். தாங்கள் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு ஐந்தையும் முயன்றிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துக் கையொப்பமிடுங்கள். விடை தவறாக இருந்தாலும் அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம், திருத்துவது என் வேலை. வீட்டுவேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற காரணத்தால் மாலையில் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் சொல்லுங்கள். பள்ளியிலேயே முடித்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். ஜனவரி 10, சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தங்களில் ஒருவர் வந்தால் விடைத்தாளை வைத்துக்கொண்டே பேசலாம். வேலை காரணமாக வர இயலாவிட்டால், தங்களுக்கு ஏற்ற நேரத்தை அவளிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

இனி வருவது அவளுக்கு. அம்மா அப்பா முன்னிலையில் அவளே படிக்கட்டும்.

கண்ணு, உன் விடைத்தாளில் நான் சிவப்பு மையால் சுழித்த இடத்தில் x-க்குப் பதிலாக 5 போட்டுப் பார். (5 − 3)² என்றால் 4. நீ எழுதியபடி 25 − 9 என்றால் 16. இரண்டும் ஒன்றாக இல்லை அல்லவா? இப்போது x² − 6x + 9-இல் 5 போட்டுப் பார். 25 − 30 + 9, அதே 4 வரும். ஐயம் வரும்போதெல்லாம் இப்படி ஓர் எண்ணைப் போட்டு நீயே சரிபார்க்கலாம். அந்த வட்டத்தை வரைந்த பொறுமை உன்னிடம் இருக்கிறது. அதில் கொஞ்சத்தை இயற்கணிதத்துக்கும் கொடு. விடுபட்ட 15 வீட்டுப்பாடங்களையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். முற்றொருமை தொடர்பான நான்கை மட்டும் முடித்து, செவ்வாய்க்கிழமை குறிப்பேட்டோடு வா. புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வை, அங்கிருந்தே தொடங்குவோம்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியர் மற்றும் கணக்கு ஆசிரியர்,
ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு