மொட்டை மாடித் தோட்டம்: ஆடி முதல் ஆனி வரை பராமரிப்பு நாட்காட்டி

(தாம்பரம் பக்கம், மூன்று மாடிக் கட்டடம். மாடியில் 48 வளர்ப்புப் பைகள், கிழக்குப் பார்த்த பால்கனிகளில் தொட்டிகள். போர்த் தண்ணீர். முறை வைத்துத் தண்ணீர் ஊற்றும் நான்கு வீட்டாருக்காக எழுதியது. மாடிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.)

எந்த மாதமும் மாறாதவை

தண்ணீர் காலை 8 மணிக்குள். ஊற்றுமுன் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அந்தப் பையை விட்டுவிடலாம். மேல்மண் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே சேறாக இருக்கும். இங்கே செடிகள் சாவது பெரும்பாலும் வறட்சியால் அல்ல, வேர் அழுகலால். வேர் அழுகினாலும் இலை வாடும். அதைப் பார்த்துவிட்டு மேலும் ஊற்றினால் செடி தப்பாது.

15 அங்குலப் பைக்குச் சாதாரண நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். பூவாளியால் மெதுவாக, அடித்துளையில் லேசாகக் கசியும் வரை. போர்த் தண்ணீரால் பை ஓரத்தில் வெள்ளைப் படிவு கட்டினால் மேல்மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மழைத்தண்ணீரோ லாரித் தண்ணீரோ விட்டு ஒருமுறை நன்றாக அலசுங்கள்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய சாணம் 1 பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றிப் பிழியாமல் சேர்க்காதீர்கள். அதிலுள்ள உப்பு நாற்றின் நுனியைக் கருக்கிவிடும்.

உரம் 15 நாளுக்கு ஒருமுறை, பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. இடைப்பட்ட வாரத்தில் பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி, வேரிலோ இலையிலோ. மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி, பூப்பிடிக்கும் வரை மட்டும். அதற்குப் பிறகும் கொடுத்தால் இலை தழைக்கும், காய் நிற்காது. ஈர மண்ணில்தான் எந்த உரமும்.

பூச்சிக்கு: லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல். முதலில் சோப்போடு எண்ணெயைக் குழைத்துவிட்டுத்தான் தண்ணீர். இல்லையென்றால் எண்ணெய் தனியே மிதந்து இலையைச் சுடும். மாலை 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய.

ஆடி, ஆவணி

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். கத்தரி, மிளகாய், தக்காளி குழித்தட்டில். 25 முதல் 30 நாளில் பைக்கு மாற்றலாம். வெண்டை, கொத்தவரை, அவரை, கொடிவகைகள் நேராகப் பையில், பைக்கு மூன்று விதை. முளைத்ததும் வாளிப்பானதை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

கொடிகளுக்கு ஆவணிக்குள் பந்தல் தயாராக வேண்டும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். அடியில் குட்டிக்காய் இருப்பது பெண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழ் நீக்கிப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பாகல், பூசணிக்குக் காலை 8 மணிக்குள். சுரையும் பீர்க்கனும் மாலையில் மலர்பவை, அவற்றுக்கு மாலை 6 மணிக்கு மேல்.

வெண்டை இலை நரம்பு மஞ்சளாகப் பின்னினாலோ, தக்காளி இலை சுருண்டு குட்டையானாலோ அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. மருந்தில்லை. செடியைப் பையில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழிக்கு வேண்டாம். மஞ்சள் ஒட்டும் அட்டை பத்துப் பைக்கு ஒன்று தொங்கட்டும்.

புரட்டாசி

காலிஃபிளவர், முட்டைக்கோஸ் விதை மாதக் கடைசியில், கூரைக்கு அடியில் தட்டில். மாடி நீர்ப்போக்கியில் இலை, கயிறு, பிளாஸ்டிக் எதுவும் அடைக்காமல் சுத்தம் செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம், முதல் பெருமழையிலேயே தண்ணீர் தேங்கும்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் தோட்டம் அதிகம் இழப்பது இந்த இரண்டு மாதத்தில்தான்.

ஒவ்வொரு பையின் அடித்துளையிலும் ஒரு குச்சியை விட்டுக் குத்துங்கள். மண் இறுகி அடைத்திருக்கும். பைகள் தரையில் உட்காரக் கூடாது, இரண்டு செங்கல் மேல் இருக்கட்டும். நனைந்த பை 30 கிலோவைத் தாண்டும். கூட்டமாக நடுவில் வைக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பரப்பி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் உயரமான செடிப் பைகளைச் சுவரோரம் சேர்த்துக் கட்டி, பந்தல் கொடியைப் பாதியாக வெட்டிவிடுங்கள். கொடி போனாலும் கம்பி விழக்கூடாது.

தொடர்மழையில் தழைச்சத்து கரைந்து போய்விடும், அடியிலைகள் வெளுக்கும். பதறி உரம் போட வேண்டாம், அதுவும் ஓடிவிடும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் கண்டதும் மண்ணைக் கிளறி மண்புழு உரம் போடுங்கள். நாற்று கழுத்தில் கருகிச் சாய்ந்தால் சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம் கலந்து தட்டு முழுவதும் ஊற்றவும். நத்தைகளை இரவில் டார்ச் வைத்துப் பொறுக்குங்கள். உப்புத் தூவுவது பையிலுள்ள மண்ணையே கெடுக்கும்.

பால்கனித் தொட்டித் தட்டுகளில் நிற்கும் தண்ணீரை நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்தத் தட்டு போதும்.

மழை குறையும் கார்த்திகைக் கடைசியில் காலிஃபிளவர் நாற்றை நடலாம். இதைவிடத் தாமதித்தால் பூ கட்டும் நேரத்தில் வெயில் ஏறி, பட்டாணி அளவில் பிரிந்து போகும்.

மார்கழி

முள்ளங்கி, பீட்ரூட், கேரட், கொத்தமல்லி. மூன்று கிழங்கு வகைகளையும் நேரடி விதைப்பு மட்டும். நாற்று மாற்றினால் கிழங்கு கோணலாகும். பனியில் அசுவினி வரும், தினம் கொழுந்தின் அடியைப் பாருங்கள்.

குண்டுமல்லிக்குக் கவாத்து இப்போது. இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்து, ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, மிச்ச இலைகளை உருவி, தொட்டிக்கு மூன்று கைப்பிடி மக்கிய சாணம். மாசிக் கடைசியில் மொட்டு வரும்.

தை, மாசி

தைப்பட்டம்: கத்தரி, வெண்டை, தர்ப்பூசணி, வெள்ளரி. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் அது பூச்சியல்ல, சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராதது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் ஊற வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். முட்டை ஓட்டுத் தூள் மெதுவாகத்தான் கரையும்; முதலில் தண்ணீரைச் சீராக்குங்கள்.

பங்குனி, சித்திரை

பங்குனி பிறந்ததும் 50 சதவீத நிழல்வலை. செடிக்கு மேல் நான்கடி இடைவெளி வேண்டும், இல்லையென்றால் வலைக்கு அடியில் சூடு தங்கும். சருகு அல்லது தென்னை நார் இரண்டு அங்குலம் மூடாக்கு.

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரம் தொடங்கும். காலை ஒன்றரை லிட்டர், மாலை 6 மணிக்கு மேல் ஒரு லிட்டர். குழாயில் முதலில் வருவது கொதிக்கும் தண்ணீர். கையில் பிடித்துப் பார்த்து, சூடு போன பிறகே செடிக்கு. மதியம் வாடும் இலை மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை. பஞ்சகவ்யா பாதி அளவு, புண்ணாக்கு வேண்டாம்.

மாவுப்பூச்சி இந்த வெயிலில்தான் செம்பருத்தியையும் கத்தரியையும் பிடிக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, மறுநாள் மாலை வேப்பெண்ணெய். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. எறும்பு ஏறும் வழியையும் மறியுங்கள், அதுதான் பூச்சியைச் செடிக்குச் செடி சுமக்கும். புதிதாக விதைக்கத் தண்டுக்கீரை, முளைக்கீரை போதும்.

வைகாசி, ஆனி

ஓய்ந்த செடிகளை எடுத்து, பைகளைக் கொட்டி, மண்ணைத் தார்ப்பாயில் பரப்பி ஒரு வாரம் வெயில் காட்டுங்கள். வேர்களைப் பொறுக்குங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்த மண்ணில் அடுத்த வருடம் தக்காளி, கத்தரி, வெண்டை வேண்டாம். செண்டுமல்லி போடலாம். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், டிரைக்கோடெர்மா கலந்த மண்புழு உரமும் சேர்த்து நிரப்பி, லேசாக நனைத்து நிழலில் 15 நாள் விடுங்கள். கிழிந்த பைகளை மாற்றுவதும் விதை வாங்குவதும் ஆனி முடிவதற்குள்.